எந்த அழைப்பை இயந்திரத்திடம் விடலாம்?

கேள்வி: வீட்டு உபயோகப் பொருள்களைப் பழுதுபார்க்கும் சிறிய சர்வீஸ் நிறுவனம் நடத்துகிறேன். போன் எடுக்க ஒரே ஒருவர்தான் இருக்கிறார். எந்த வேலைகளைச் சாட்பாட்டுக்கோ அழைப்பு மெனுவுக்கோ மாற்றலாம்?

மென்பொருள் விற்பவர்களிடம் பேசுவதற்கு முன் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். இரண்டு வாரம், ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு வரி எழுதினால் போதும்: எதற்காக அழைத்தார், பதில் சொல்ல உங்கள் ஊழியர் என்ன செய்தார். இரண்டாவதுதான் முக்கியம். அட்டவணையைப் பார்த்து வாசித்துச் சொன்னாரா, அல்லது யோசித்து ஒரு முடிவெடுத்தாரா? வாசித்துச் சொன்னதை இயந்திரத்திடம் விடலாம். முடிவெடுத்ததை விடக் கூடாது. பலரும் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, அதிகம் வரும் அழைப்பை முதலில் மாற்றிவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

உங்கள் தொழிலில் அப்படி அதிகம் வருவது பெரும்பாலும் "மெக்கானிக் எப்போது வருவார்?" என்பதாகத்தான் இருக்கும். 100 அழைப்பில் 40 இதுவே என்று வைத்துக்கொள்வோம். சாட்பாட்டுக்கென்றே அமைந்த கேள்வி போலத் தெரியும். ஆனால் சாட்பாட் எதைப் பார்த்துப் பதில் சொல்லும்? காலையில் போட்ட அட்டவணையை. முதல் வீட்டில் வேலை இழுத்துவிட்டால், மதியத்துக்குள் அந்த அட்டவணை பொய்யாகிவிடும். இப்போது உங்கள் ஊழியர் மெக்கானிக்கை அழைத்துக் கேட்டுத்தான் பதில் சொல்கிறார். அது எங்கும் பதிவாவதில்லை.

எனவே இங்கே சாட்பாட் வேண்டாம். அழைப்பின் காரணத்தைச் சரிசெய்யுங்கள். ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் மெக்கானிக் தன் போனில் ஒரு பொத்தானை அழுத்தட்டும். "கிளம்பிவிட்டார், அரை மணி நேரத்தில் வருவார்" என்ற குறுஞ்செய்தி அடுத்த வாடிக்கையாளருக்குத் தானாகப் போகட்டும். தாமதமானாலும் அப்படியே. இதை ஒழுங்காகச் செய்தால் அந்த 40 அழைப்புகளில் பெரும்பகுதி வரவே வராது.

நேரம் மாற்றுவதையும் ரத்து செய்வதையும் தயங்காமல் ஒப்படைக்கலாம். கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரியும், காலியான நேரங்கள் காலண்டரில் இருக்கின்றன, தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ளலாம். இரவு 11 மணிக்கும் நடக்கும்.

புதிய பழுதைப் பதிவு செய்வதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முகவரி, வசதியான நேரம், மாடல் எண் ஸ்டிக்கரின் புகைப்படம் ஆகியவற்றைச் சாட்பாட் வாங்கட்டும். ஸ்டிக்கர் படம் கையில் இருந்தாலே, உதிரிபாகம் இல்லாமல் போய்த் திரும்பும் வேலை குறையும். பழுது என்ன என்ற பேச்சு மட்டும் மனிதரிடம் வர வேண்டும். "ஃபிரிட்ஜ் குளிரவில்லை" என்பதற்குப் பின்னால் கதவு ரப்பரும் இருக்கலாம், கம்ப்ரசரும் இருக்கலாம். இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்பது அனுபவசாலியின் வேலை.

கட்டணத்தில் கவனம் தேவை. வந்து பார்ப்பதற்கான நிலையான கட்டணத்தைச் சாட்பாட் சொல்லலாம். பழுதுக்கு எவ்வளவு ஆகும், உத்தரவாதம் உண்டா என்று அது சொல்லக் கூடாது. கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அந்தச் சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற ரீதியில் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. அந்நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024இல் அதை ஏற்காமல், பயணிக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. உங்கள் நாட்டுச் சட்டம் எப்படியிருந்தாலும், வாசலில் நின்று "உங்கள் போன் சொன்னதே" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"சரிசெய்த பிறகும் மறுபடி ஓடவில்லை" என்று அழைப்பவர் காதில் மெனுவே விழக் கூடாது. கடந்த 30 நாளில் சர்வீஸ் செய்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நேராக ஊழியருக்குப் போகும்படி அமைக்கச் சொல்லுங்கள். பல அழைப்பு மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. கருகிய வாடை, ஷாக் அடிக்கிறது என்பவையும் அப்படியே. மற்றவர்களுக்கு மூன்று நான்கு தேர்வுகளுக்கு மேல் வேண்டாம். எந்த இடத்திலும் பூஜ்யத்தை அழுத்தினால் மனிதர் கிடைக்க வேண்டும். யாரும் இல்லாத நேரமென்றால் எப்போது திருப்பி அழைப்பீர்கள் என்று சொல்ல வேண்டும்.

பிறகு, விற்பவர் காட்டும் "80 சதவீத அழைப்புகளைச் சாட்பாட்டே முடித்துவிட்டது" போன்ற கணக்கை நம்பிவிடாதீர்கள். வெறுத்துப்போய் போனை வைத்தவரும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் "முடிந்தவர்" ஆகிவிடுவார். அழைப்புப் பட்டியலை எடுத்து, சாட்பாட்டிடமோ மெனுவிடமோ பேசிய எண்களில் எத்தனை இரண்டு நாளுக்குள் திரும்ப அழைத்திருக்கின்றன என்று எண்ணுங்கள். எந்தத் தேர்வுக்குப் பின் அவர்கள் திரும்பி வருகிறார்களோ, அந்த வேலையை மறுபடி உங்கள் ஊழியரிடமே கொடுத்துவிடுங்கள்.