எனக்கு அம்மாயியைப் பிடிக்கும்

வணக்கம் ஐயா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஏழாம் தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை கட்டுரையில் 'எனக்கு எங்கள் அம்மாயியைப் பிடிக்கும்' என்று எழுதியிருந்தாள். அம்மாயிதானே எழுவாய், எழுவாய்க்கு ஐ உருபு வராதே என்று நினைத்து 'அம்மாயி பிடிக்கும்' எனத் திருத்திவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. எது சரி? இப்படிப்பட்ட வாக்கியங்களை எப்படிச் சரிபார்ப்பது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பிள்ளை எழுதியதுதான் சரி. திருத்தத்தை எடுத்துவிடுங்கள்.

உங்களுக்குக் குழப்பம் வந்தது அம்மாயியால் அல்ல, தேத்தண்ணியால் என்று நினைக்கிறேன். 'எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும்' என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். அதில் ஐ இல்லை. உயிரில்லாத பொருளுக்கு ஐ உருபு மறைந்து வரலாம், வெளிப்பட்டும் வரலாம். அதோடு 'பிடிக்கும்' என்பது அஃறிணைக்கு வரும் முடிவு, தேத்தண்ணியும் அஃறிணை. இரண்டும் பொருந்திப்போவதால் தேத்தண்ணிதான் எழுவாய் என்று தோன்றிவிடுகிறது. அதனால் இந்த மாதிரி வாக்கியத்தைப் பொருளை வைத்துச் சோதிக்கக் கூடாது. ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும், அதிலும் 'நீ' என்ற சொல்லை வைத்து.

தேத்தண்ணி இருந்த இடத்தில் 'நீ' வரட்டும். 'எனக்கு நீ பிடிக்கும்' என்று யார் வாயிலாவது வருமா? வராது. 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்றுதான் வரும். வினையையும் கவனியுங்கள். 'நீ' எழுவாயாக இருந்தால் 'பிடிப்பாய்' என்று மாற வேண்டும். 'நீ பிடிப்பாய்' என்றால் பந்து பிடிப்பாய், கையைப் பிடிப்பாய் என்று அர்த்தமே வேறாகிவிடும். என்னை, உன்னை, அவரை, அவர்களை என்று யாரைப் போட்டாலும் வினை 'பிடிக்கும்' என்றே நிற்கிறது. அதாவது அந்த வினை அம்மாயியோடு இயையவில்லை, 'எனக்கு' என்பதோடும் இயையவில்லை. சோதிக்கும்போது 'பிடிக்கவில்லை' என்ற எதிர்மறையை மட்டும் எடுக்காதீர்கள். அது எல்லா இடத்துக்கும், எல்லாப் பாலுக்கும் ஒரே வடிவம், எதையும் காட்டிக்கொடுக்காது.

பேச்சில் ஒரு நடிகர் பெயரைச் சொல்லி 'எனக்கு அவர் பிடிக்கும்' என்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அவர்களும் எதிரில் நிற்பவரிடம் 'எனக்கு நீங்கள் பிடிக்கும்' என்று சொல்வதில்லை.

அப்புறம், அந்தப் பிள்ளையின் வாக்கியத்தில் 'எனக்கு' என்பது என்ன வேலை செய்கிறது? நான்காம் வேற்றுமையின் பொருள்களை நன்னூல் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று வரிசையாகச் சொல்லி 'ஆதி' என்று முடிக்கிறது. பசி, குளிர், விருப்பம் எதுவும் பெயர் சொல்லி அதில் இல்லை, அந்த 'ஆதி'யில்தான் அடங்க வேண்டும். கொடுக்கும்போது வரும் கு-வும் உணரும்போது வரும் கு-வும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் வாக்கியத்துக்குள் அவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 'தன்' என்ற சொல்லைப் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

'அம்மாயி அவளுக்குத் தன் சால்வையைக் கொடுத்தார்.' சால்வை யாருடையது? அம்மாயியுடையது. 'அவளுக்குத் தன் சால்வையைப் பிடிக்கும்.' இப்போது சால்வை யாருடையது? அவளுடையது. முதல் வாக்கியத்தில் 'அவளுக்கு' என்பது வாங்கிக்கொள்ளும் ஆள் மட்டும், 'தன்' அவளைத் தாண்டி அம்மாயியிடம் போகிறது. இரண்டாவதில் அதே 'அவளுக்கு' எழுவாய் நிற்க வேண்டிய இடத்தில் நின்று 'தன்' என்பதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மொழியியலார் இதை நான்காம் வேற்றுமை எழுவாய் என்று சொல்வது இதனால்தான். பாடசாலை இலக்கணத்தில் முதல் வேற்றுமையில் நிற்பதுதான் எழுவாய். அந்தக் கணக்கில் உங்கள் மாணவியின் வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. ஆகவே 'எழுவாயைக் கண்டுபிடி' என்ற பயிற்சிக்கு இந்த மாதிரி வாக்கியத்தைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இந்த விஷயம் என்னை ஏன் இவ்வளவு தொடுகிறது என்பதையும் சொல்கிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது 'எனக்குக் குளிர்கிறது' என்று எழுதியதை ஒருவர் 'நான் குளிர்கிறேன்' என்று திருத்தினார். ஆங்கிலத்தில் அப்படித்தான் வரும் என்று காரணமும் சொன்னார். மார்கழிக் காலையில் லயத்து வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்தில் சிங்களம் பேசுகிறவர்களும் பசித்தால் 'மட்ட படகினியி' என்றுதான் சொல்வார்கள். 'மட்ட' என்றால் எனக்கு. அவர்கள் மொழியிலும் பசி ஆளுக்கு வருகிறது.

உருபு மாறினால் அர்த்தம் எப்படி மாறுகிறது என்று வகுப்பில் காட்ட 'தெரி' என்ற வினையைவிட நல்லது கிடைக்காது. மலையில் பனிமூட்டம் இறங்கி நிற்கிறது, மேல் நிரையில் நிற்கும் கங்காணி மறைந்திருக்கிறார். மூட்டம் விலகுகிறது. 'எனக்குக் கங்காணி தெரிகிறார்.' இங்கே கங்காணி எழுவாய், வினை அவரோடு இயைந்து 'தெரிகிறார்' என்று வருகிறது. கண்ணுக்குப் படுகிறார் என்று பொருள். 'எனக்குக் கங்காணியைத் தெரியும்' என்றால் பழக்கமானவர் என்று பொருள், மூட்டத்துக்குள் அவர் காணாமல் போயிருந்தாலும் அந்த வாக்கியம் உண்மைதான். பிள்ளைகள் 'எனக்குக் கங்காணி தெரியும்' என்று எழுதினால், அவரைப் பார்க்கிறாயா, பழக்கமா என்று கேளுங்கள். பதிலைச் சொல்லும்போதே உருபும் வினையும் தானாகச் சரியாகிவிடும்.

சந்தேகம் வந்தால் பேசுகிறவர்களிடமே கேட்கலாம், ஆனால் 'இது சரியா?' என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பாடசாலையில் படித்த விதியை நினைத்துப் பார்த்துப் பதில் சொல்வார்கள். ஒரு சூழ்நிலையைச் சொல்லி, 'இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். பிறகு ஆளை மாற்றி, நான், நீ, அவர்கள் என்று மூன்று முறை சொல்ல வையுங்கள். இரண்டு மூன்று பேர் ஒன்றுபோலச் சொன்னால் அதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். இந்த வழி இன்றைய தமிழுக்கு மட்டும்தான். பழைய நடையில் 'பசித்தேன்' என்று தன்மையிலேயே வரும், அதை இந்தச் சோதனையால் பிழை என்று சொல்லிவிடாதீர்கள்.

எல்லா வினைக்கும் ஒரே விதி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'வேண்டும்' என்ற சொல்லை அதே 'நீ' வைத்துப் பாருங்கள். 'எனக்கு நீ வேண்டும்' என்றுதான் வருகிறது, 'உன்னை வேண்டும்' என்று வருவதில்லை. வினையும் 'வேண்டுவாய்' என்று மாறவில்லை. உணர்பவருக்கு கு வருவது பொது, உணரப்படுவதற்கு ஐ வருமா என்பதை வினைக்கு வினை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'பிடிக்கும்', 'தெரியும்' இரண்டுக்கும் ஆள் என்றால் ஐ வரும், 'வேண்டும்' என்பதற்கு வராது. 'புரியும்' என்பதை உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பாருங்கள். 'எனக்கு உன்னைப் புரிகிறது', 'எனக்கு நீ புரிகிறாய்' இரண்டையும் பலகையில் எழுதி, பிள்ளைகள் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்து எனக்கும் எழுதுங்கள்.