சர்க்கரை நோயாளிக்குக் கடிதம்: எச்பிஏ1சியை எப்படிச் சொல்வது?

"52 வயதுக்காரருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய். எச்பிஏ1சி 8.2, இருமுறை உறுதி செய்தாயிற்று; சிறுநீரகம் நலம். கடிதத்தில் 'கிளைக்கேற்றமடைந்த ஹீமோகுளோபின்' என்று எழுதினால் புரியுமா, டாக்டர்?"

புரியாது. எச்பிஏ1சி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகச் சீட்டில் அவர் அதைத்தான் தேடுவார். நான் இப்படி எழுதுவேன்:

"கடந்த மூன்று மாதங்களில் உங்கள் இரத்தச் சர்க்கரை சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதை எச்பிஏ1சி காட்டுகிறது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய், உங்களுக்கு 8.2. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் மாத்திரையைக் காலை உணவோடு ஒன்று, இரவு உணவோடு ஒன்று சாப்பிடுங்கள். தொடக்கத்தில் வயிறு கலங்கலாம். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். விடாமல் வாந்தியோ பேதியோ இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்."

1-0-1 என்று மட்டும் எழுதாதீர்கள். "நூற்றொரு மாத்திரையா?" என்று ஓர் அம்மா என்னிடமே கேட்டிருக்கிறார்.

கண் பரிசோதனைக்குக் காரணத்தையும் எழுதுங்கள். "பார்வை தெளிவாக இருக்கும்போதே விழித்திரையில் பாதிப்பு தொடங்கியிருக்கலாம்" என்ற வரி இல்லாவிட்டால், நன்றாகத்தானே தெரிகிறது என்று போகமாட்டார். அடுத்த எச்பிஏ1சிக்கு 'மூன்று மாதம் கழித்து' என்பதைவிடத் தேதியையே குறித்துக்கொடுங்கள். இடையில் ஒருநாள் சர்க்கரை இயல்பாக வந்தாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பதையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.