மார்கழியில்தான் சூரியன் கிட்டே இருக்கிறது

"சித்திரையில் பூமி சூரியனுக்குக் கிட்டப் போவதால்தானே வெயில் கொளுத்துகிறது? அச்சு சாய்வு என்கிறார்களே, ஏன்?"

இல்லைங்க, நேர் எதிர். பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி 3, 4 வாக்கில், நம்மூர் மார்கழிப் பனியில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கி.மீ.; ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. இதனால் ஜனவரியில் பூமிக்கு 7% வெயில் கூடுதலாகவே கிடைக்கிறது. ஆனாலும் நாம் போர்வை தேடுகிறோம்.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈரோட்டில் மொட்டைமாடியில் 100 செ.மீ. குச்சி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஏப்ரல் 20 வாக்கில், பகல் 12.20-க்கு நிழல் குச்சியின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். சூரியன் நேர் உச்சியில். டிசம்பர் 22-ல் அதே நேரத்தில் நிழல் வடக்கே சுமார் 70 செ.மீ. நீளும். அன்று வெயில் சாய்ந்து விழுவதால், ஒரு சதுர மீட்டருக்கான ஒளி 1.2 சதுர மீட்டர் தரையில் பரவி மெலிகிறது. பகலும் பதினொன்றரை மணி நேரம்தான்.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்து, வருடம் முழுக்க ஒரே திசையைப் பார்த்தபடி சுற்றுகிறது. அதனால் டிசம்பரில் தென்பாதி சூரியன் பக்கம் சாய்கிறது. அப்போது ஆஸ்திரேலியாவில் கோடை. தூரம்தான் காரணமென்றால் இரு பாதிக்கும் ஒரே சமயத்தில் கோடை வந்திருக்கணும்.

ஒன்று மட்டும்: ஜூன், ஜூலையிலும் நமக்குச் சூரியன் உச்சிக்கு அருகில்தான். அப்போது வெக்கையைத் தணிப்பது பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்றும் மேகமும்.