வயிறு சுருக்கிய பிறகு: மிடறு, சத்தி, புரதம் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

கொழும்பில் சத்திர சிகிச்சை வார்ட்டில் பல வருடம் தாதியாக இருந்தேன். எடை குறைப்பு ஒப்பரேஷன் செய்தவர்களைப் பார்ப்பதுதான் கடைசிக் காலத்தில் என் வேலை. இப்போது திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் இருக்கிறேன். ஒப்பரேஷனைக் கொழும்பில் செய்துவிட்டு ஊருக்கு வந்தபின் பக்கத்தில் கேட்க ஆளில்லை என்று பலர் சொன்னதால் இந்தப் பதில்கள்.

அக்கா, ஸ்லீவ் செய்து மூன்று கிழமை. ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் குடி என்கிறார்கள். நாலு மிடறு குடித்தாலே நெஞ்சு அடைக்கிறது. எப்படி முடியும்? (நிலாவெளி)

தங்கச்சி, நாலு மிடறை ஒரேயடியாகக் குடிப்பதால்தான் அடைக்கிறது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு ஒடுங்கிய குழாய். முதல் சில கிழமைகளுக்கு அந்தக் குழாயும் வீங்கியே இருக்கும்.

காய்ச்சல் சிரப்போடு ஒரு சின்னக் கோப்பை வருமே, அதில் 15 மில்லிலீற்றர் அளவுக் கோடு இருக்கும். கால் மணித்தியாலத்துக்கு அப்படி இரண்டு கோப்பை, அதையும் ஒவ்வொரு மிடறாக, நடுவில் விட்டு விட்டுக் குடியுங்கள். மணித்தியாலத்துக்கு 120 மில்லிலீற்றர் ஆகிறது. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் இரவு ஏழு மணிக்குள் ஒன்றரை லீற்றர் முடிந்துவிடும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் கணக்கு விழுந்துவிடும், பிறகு பிடிக்க முடியாது. போனில் மணி வைத்துக்கொள்வது வெட்கமான காரியமில்லை.

குளிர்ந்த தண்ணீர் இறுக்கினால் இளஞ்சூட்டில் குடித்துப் பாருங்கள். சொதித் தண்ணீர், உப்புக் குறைத்த மீன் சூப், சீனி போடாத பிளேன் ரீ எல்லாம் கணக்கில் சேரும். சோடா வகை வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம்முடைய ஊரில் ஒன்றரை லீற்றரும் காணாது. சலம் கடும் மஞ்சளாகப் போனாலோ, எழும்பும்போது தலை சுற்றினாலோ தண்ணீர் பின்தங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீவ் செய்து ஆறாவது கிழமை. இரண்டு கிழமையாகச் சாப்பாடு சேர்ந்தது. நேற்று மத்தியானம் பொரித்த பாரை மீன் சாப்பிட்டேன், இரண்டு வாயிலேயே நெஞ்சுக்குள் நின்றது. பிறகு வெள்ளை நுரையாகச் சத்தி. தையல் விட்டுவிட்டதா? (பாலையூற்று)

இல்லை அம்மா, இது தையல் விட்ட மாதிரித் தெரியவில்லை. தையல் கசிந்தால் காய்ச்சல், படபடவென்று நெஞ்சடிப்பு, குறையாத வயிற்றுவலி, சில பேருக்கு இடது தோளில் வலியும் வரும். பெரும்பாலும் முதல் சில கிழமைகளுக்குள் வரும். அப்படி ஏதாவது இருந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

உங்களுக்கு நடந்தது, மெல்லாத காய்ந்த துண்டு ஒன்று குழாயில் நின்றுவிட்டது. அது நகரட்டும் என்று வாய் உமிழ்நீரை ஊற்றுகிறது, அந்த உமிழ்நீரும் கீழே போக முடியாமல் வழுவழுவென்று நுரையாக மேலே வருகிறது. பொரித்த மீன், முதல் நாள் மீனைச் சூடாக்கியது, பாண், புட்டு, கட்டியான சோறு, இவைதான் இந்த ஊரில் அதிகம் சிக்குபவை. பாண் உள்ளே போய் மா உருண்டை மாதிரி ஆகிவிடும். அதே பாரையைச் சொதியில் வேகவைத்து, குழம்போடு மசித்தால் போகும்.

நிறைந்துவிட்டது என்று வயிறு முன்கூட்டிச் சொல்லும். சிலருக்கு விக்கல் ஒன்று, சிலருக்கு மூக்கால் தண்ணீர், சிலருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு அழுத்தம். உங்களுக்கு எது என்று கவனித்துவையுங்கள். அது வந்ததும் கையில் இருக்கிற வாயையும் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் மிடறு தொடங்கவேண்டும்.

*இடையில் ஒருவர்:* எனக்குச் செய்தது இரைப்பை பைபாஸ். சத்தி வந்தால் இரண்டு நாள் ஒன்றும் தொடாமல் பட்டினி கிடந்தால் சரியாகிவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தம்பி, வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது சரி, தண்ணீரையும் நிறுத்துவது பிழை. சத்திக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அளவில் விட்டு, மிடறு மிடறாகத் தண்ணீர், அன்றைக்கு முழுக்க நீராகாரம், அடுத்த நாள் மசித்த சாப்பாடு. "செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது அடிக்கடி வருகிறது. பைபாஸில் இரைப்பையையும் குடலையும் சேர்த்துத் தைத்த வாய், செய்த முதல் மூன்று மாதங்களுக்குள் சுருங்கிப் போவது உண்டு. முதலில் இறைச்சி நிற்கும், பிறகு மசித்தது, பிறகு தண்ணீரும் நிற்கும். இந்த வரிசையில் உங்களுக்கு எதுவரை வந்திருக்கிறது?

என் தம்பிக்கு 34 வயது, ஸ்லீவ் செய்து எட்டுக் கிழமை. மூன்று கிழமையாகத் தினமும் சத்தி, இப்போது தண்ணீரும் தங்குவதில்லை. ஒரு தனியார் இடத்தில் குளுக்கோஸ் சேலைன் ஏற்றி அனுப்பினார்கள். நேற்றிலிருந்து எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறான், நடக்கும்போது தள்ளாடுகிறான். களைப்பு என்று விட்டுவிடலாமா? (மூதூர்)

விடவேண்டாம். இதை வாசித்தவுடன் திருகோணமலை பொது வைத்தியசாலைக்கு, அவசரப் பிரிவுக்கே கொண்டு போங்கள். காலை கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம். போய்ச் சொல்ல வேண்டிய வசனம் இது: "எடை குறைக்க ஸ்லீவ் செய்து எட்டுக் கிழமை, மூன்று கிழமையாகச் சத்தி, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், விற்றமின் பி1 குறைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது." ஒப்பரேஷன் காகிதங்களைக் கையோடு எடுத்துப் போங்கள்.

காரணம் இதுதான். பி1 என்கிற தயமினை உடம்பு மிகக் கொஞ்சமாகத்தான் சேர்த்து வைக்கும். சாப்பாடு உள்ளே தங்காவிட்டால் இரண்டு மூன்று கிழமையில் முடிந்துவிடும். மூளைக்குக் குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். அது இல்லாத உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கிற கொஞ்சத்தையும் அது செலவழித்துவிடும். அதனால் இப்படிப்பட்டவருக்கு ஊசி வழியாகத் தயமின் முதலில், குளுக்கோஸ் பிறகு. இதில் கண், நடை, புத்தி மூன்றும் பாதிக்கும், குழப்பமும் மறதியும் வரும். மூன்றும் சேர்ந்து வரும்வரை காத்திருந்தால் மறதி நிரந்தரமாகிவிடலாம்.

*மூன்று நாள் கழித்து மூதூரிலிருந்து அந்தத் தம்பியின் அக்கா:* அன்றிரவே போனோம். ஊசி போட்டார்கள், இரண்டாம் நாளே கண் சரியாகிவிட்டது. கொழும்புக்கு மாற்றினார்கள், கமரா விட்டுப் பார்த்ததில் குழாயின் நடுவில் ஒடுங்கியிருக்கிறதாம், பலூன் வைத்து விரித்தார்கள். ஆனால் நடை இன்னும் நேராகவில்லை.

கண் சீக்கிரம் திரும்பும், நடை பிந்தும். சிலருக்கு மாதக்கணக்காகும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கவும் கூடும், அதை இப்போது யாரும் அறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு தடவை பலூன் வைத்ததோடு முடியாமலும் போகலாம், திரும்பவும் சத்தி தொடங்கினால் உடனே அறிவியுங்கள். பி1 குளிசையை டொக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவேண்டாம்.

மூன்றாம் மாதம். நாளைக்கு 60 கிராம் புரதம் என்று எழுதித் தந்த காகிதத்தில் வான்கோழியும் ஏதோ வெளிநாட்டுத் தயிரும் இருக்கிறது. இங்கே எதைத் தின்பது? (சீனக்குடா)

அந்தக் காகிதங்களைப் பார்த்து எனக்கும் கோபம் வரும். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வான்கோழி எதற்கு? வேகவைத்த மீனில் தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்று கிட்டத்தட்ட 7 கிராம் புரதம் தரும். சூரை, பாரை, அறக்குளா எதுவானாலும் பெரிய வித்தியாசமில்லை.

உங்கள் நாளை இப்படி வையுங்கள். காலையில் ஒரு அவித்த முட்டை, 6 கிராம். பத்து மணிக்கு ஒரு கோப்பை ஆடை நீக்கிய பாலில் இரண்டு மேசைக்கரண்டி ஆடை நீக்கிய பால்மாவைக் கூடுதலாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் 12 அளவில். மத்தியானம் இரண்டு துண்டு மீன், 14. பின்னேரம் அரைக் கோப்பைத் தயிர், 4. இரவு இரண்டு துண்டு மீன், மூன்று கரண்டி மைசூர்ப் பருப்பு, 18. கூட்டினால் 54. மிச்சத்துக்கு இன்னொரு முட்டை போதும். தட்டில் மீனை முதலில் முடியுங்கள், பருப்பு பிறகு, சோறு இடமிருந்தால். கருவாட்டு நெத்தலியில் புரதம் நிறைய இருந்தாலும் உப்பு தாகத்தைக் கிளப்பும், அதை நம்பி இருக்கவேண்டாம்.

புரத மா வாங்கலாம். ஆனால் பாலில் வயிறு இளகுபவர்கள் பால் சீனி நீக்கியதைக் கேட்டு வாங்குங்கள். சத்தி வருகிற நாளில் புரதக் கணக்கை மறந்துவிடுங்கள், அன்றைக்குத் தண்ணீர்தான் முதல்.

பைபாஸ் செய்து ஐந்து மாதம். எங்கள் ஊர் எருமைத் தயிரில் பாணி ஊற்றிச் சாப்பிட்டேன். இருபது நிமிடத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றாலே போனது. தயிர் பழுதா? (கிண்ணியா)

தயிரில் பழுதில்லை, பாணிதான். பைபாஸில் சாப்பாடு இரைப்பையின் கீழ் வாயில் நின்று நின்று இறங்குவதில்லை, நேரே குடலுக்குள் விழுகிறது. இனிப்பு அப்படி விழும்போது குடல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. படபடப்பும் வயிற்றாலையும் அதனால்தான். இன்னொரு நாள் பாணி இல்லாமல் இரண்டு கரண்டி மட்டும் தின்று பாருங்கள். அப்போதும் போனால் பால் சீனியைச் சந்தேகிக்கலாம். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்துக் கை நடுங்கி மயக்கம் வருவது வேறு, அது சீனி இறங்குவது. வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

எனக்கு ஒப்பரேஷன் ஒன்றும் இல்லை. இந்த மிடறு முறையைச் செய்தால் வயிறு சுருங்குமா? (உவர்மலை)

சுருங்காது அண்ணா. இது வெட்டிய வயிற்றுக்கான முறை.

ஸ்லீவ் செய்து இரண்டு மாதம், மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போகிறேன், அதுவும் கறுப்பாக. பயப்படவா? (வயது 58, திருக்கடலூர்)

ஐயா, உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். மூன்று நாளைக்கு ஒருமுறை, இளகலாகப் போனால் சரி. முக்கிக் கல்லாகப் போனால்தான் மலச்சிக்கல். இரும்புக் குளிசையும் கல்சியமும் இறுக்கும், தண்ணீர் காணாதது இன்னும் இறுக்கும். பப்பாசிப்பழம் கொஞ்சம் மசித்துப் பாருங்கள், ஆகாவிட்டால் லக்ருலோஸ் கேட்கலாம். தண்ணீரில் ஊறிப் பொங்குகிற உமி வகைகளை இப்போதைக்குத் தொடவேண்டாம், குறைந்த தண்ணீரில் அவை உள்ளே கட்டிபடும்.

இரும்புக் குளிசை எடுப்பவருக்குக் கரும்பச்சையாக, கறுப்பாகப் போவது வழமை. தார் போல ஒட்டி, பளபளத்து, வழக்கமில்லாத நாற்றத்தோடு போனால் அது இரத்தம். நீங்கள் இரும்பு எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. எடுக்காமலே கறுப்பு என்றால் இன்றைக்கே காட்டுங்கள். மூட்டுவலிக்கு டிக்ளோபெனாக் போன்ற குளிசை ஏதும் போடுகிறீர்களா என்பதையும் அங்கே சொல்லுங்கள்.