தமிழ் ஹேஷ்டேகில் அடிக்கோடு போடுங்கள்

கேள்வி: என் பதிவுகளில் உள்ள ஹேஷ்டேக் எதுவும் புரியவில்லை என்கிறார் பார்வையற்ற நண்பர். எப்படி எழுதினால் ஸ்கிரீன் ரீடர் சரியாக வாசிக்கும்? தமிழிலேயே போடலாமா?

தாராளமாகப் போடலாம். எனக்கும் பார்வை கிடையாது, நாள் முழுக்க என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் படிக்கிறேன். உங்கள் நண்பர் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் வழி சுலபம். #chennaibookfair என்று எழுதினால் மொத்தத்தையும் ஒரே சொல்லாக நினைத்துக் குரல் எதையோ உளறும். #ChennaiBookFair என்றால் பெரிய எழுத்து வருமிடத்தில் பிரித்து மூன்று சொல்லாகச் சொல்லிவிடும். 'அப்படிப் போட்டால் தேடலில் வராதே' என்று யாராவது வருவார்கள். வரும், பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, தளங்களுக்கு இரண்டும் ஒரே ஹேஷ்டேக்தான். தட்டும்போது போன் சின்ன எழுத்தில் காட்டும் பரிந்துரையை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

தமிழில் பெரிய எழுத்து இல்லை. போன புத்தகக் கண்காட்சி சமயத்தில் ஓர் இலக்கிய அமைப்பின் பதிவில் #சென்னைபுத்தககண்காட்சி என்று இருந்தது. எனக்குக் கேட்டது வேறு மாதிரி, 'பு' அன்பில் வரும் 'பு' போல மெலிந்து, 'கண்' என்பதன் 'க' தங்கத்தில் வரும் 'க' போல மாறி. தமிழ்க் குரல் சொல்லின் முதலில் வரும் வல்லினத்தை வலித்துச் சொல்லும், உயிருக்குப் பின்னால் நடுவில் வந்தால் மெலித்துவிடும். சேர்த்து எழுதியதில் 'கண்காட்சி'யின் முதலெழுத்து நடுவெழுத்தாகிவிட்டது. ஒற்று போட்டிருந்தால் ஒலியாவது காப்பாற்றப்பட்டிருக்கும். அதைவிட நல்லது #சென்னை_புத்தகக்_கண்காட்சி. ஒவ்வொரு சொல்லும் புதிதாகத் தொடங்கும். இடைவெளியோ சிறுகோடோ போட்டால் ஹேஷ்டேக் அங்கேயே அறுந்துவிடும், அடிக்கோடு அறுக்காது. நிறுத்தக்குறிகளை எல்லாம் வாசிக்க வைத்திருப்பவர்களுக்கு அடிக்கோடும் காதில் விழும்தான், ஆனால் சொல் குழம்பாது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கோடு போட்டதும் போடாததும் தளத்துக்கு வேறு வேறு ஹேஷ்டேக். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் ஏற்கெனவே பரவிவிட்ட ஹேஷ்டேகை நீங்கள் தனியாகப் பிரித்து எழுதினால் அந்த வரிசையில் உங்கள் பதிவு வராது. அப்போது பரவிய வடிவத்தைக் கடைசியில் வைத்துவிட்டு, விஷயத்தை வாக்கியத்திலேயே சாதாரணமாக எழுதிவிடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்தான் முதல் பதிவிலேயே அடிக்கோடு போட வேண்டும்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். #PuthagaKankatchi என்று எவ்வளவு அழகாகப் பெரிய எழுத்து போட்டாலும் ஆங்கிலக் குரல் அதைத் தன் உச்சரிப்பில்தான் சொல்லும்.

அப்புறம், கேட்காததையும் சொல்கிறேன். அதே அமைப்பு கூட்டத்தின் நாள், நேரம், அரங்கு எல்லாவற்றையும் படத்துக்குள் வைத்திருந்தது. படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை இல்லை. எனக்குக் கிடைத்தது 'படம்' என்ற ஒரு சொல்லும் அந்த ஹேஷ்டேகும்தான். கேட்டு எழுதினேன், 'போஸ்டரில் எல்லாம் இருக்கிறதே சார்' என்று பதில் வந்தது.