அடுக்கில் x, பக்கத்தில் a: மெய்த்தீர்வு எப்போது கிடைக்கும்?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: 4^x − a·2^x + a + 3 = 0. இதற்கு மெய்த்தீர்வு இருக்க a என்னவாக இருக்கணும்? 2^x = t என்று வைத்துத் தன்மைகாட்டி எடுத்தேன். a ≤ −2 அல்லது a ≥ 6 என்று வந்தது. விடையில் a < −3 அல்லது a ≥ 6 என்று இருக்கிறது. எங்கே தப்பு சார்?

தன்மைகாட்டி வரைக்கும் நீ போட்டது சரிம்மா. t² − at + a + 3 = 0, தன்மைகாட்டி a² − 4a − 12, அதாவது (a − 6)(a + 2). ஆனால் அது சொல்வது t மெய்யெண்ணா என்பதை மட்டும்தான். நமக்கு வேண்டியது x. 2^x எந்த x-க்கும் பூச்சியமாகவோ குறை எண்ணாகவோ வராது. அதனால் t கிடைத்தால் மட்டும் போதாது, t > 0 ஆக இருக்கணும்.

நீ சேர்த்துக்கொண்ட இடத்திலிருந்து ஒரு மதிப்பை எடுத்துப் பார். a = −2.5 என்று போடு. t² + 2.5t + 0.5 = 0 வரும். மூலங்கள் ஏறக்குறைய −0.22, −2.28. இரண்டும் மெய்யெண்கள், ஆனால் இரண்டுமே குறை எண்கள். 2^x = −0.22 என்று எழுதியதும் கை நின்றுவிடும். a = −3 போட்டால் t = 0, t = −3. அங்கேயும் ஒன்றும் தேறாது. −3-ஐத் தாண்டி இன்னும் கீழே போனால்தான் ஒரு மூலம் பூச்சியத்தைக் கடந்து மிகைப் பக்கம் வருகிறது. விடையில் −3 சேராமல் இருப்பதற்கும் 6 சேர்ந்திருப்பதற்கும் இதுதான் காரணம். a = 6 என்றால் t = 3 என்று இரட்டை மூலம் வரும், அது நல்ல மிகை எண்.

நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர்: எனக்கு விடையே தப்பு என்று படுகிறது. t மிகை என்றால் மூலங்களின் கூடுதல் a > 0, பெருக்கற்பலன் a + 3 > 0, தன்மைகாட்டி ≥ 0. மூன்றையும் சேர்த்தால் a ≥ 6 மட்டும்தானே வரும்?

நீங்கள் எழுதிய மூன்று நிபந்தனைகளும் ‘இரண்டு மூலங்களும் மிகை’ என்பதற்கானவை. கேள்வி கேட்பது தீர்வு இருக்கிறதா என்று மட்டும்தான். ஒரே ஒரு மூலம் மிகையாக இருந்தாலே போதும். பெருக்கற்பலன் a + 3 குறை எண்ணானால் ஒரு மூலம் மிகை, மற்றது குறை. அங்கே தன்மைகாட்டியைப் பார்க்கவே தேவையில்லை, அது தானாகவே மிகையாகிவிடும். அந்த a < −3 என்ற துண்டுதான் உங்கள் விடையில் விடுபட்டது.

விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் பார்க்கிற பிழை இதுதான். தன்மைகாட்டியோடு நிறுத்துபவர்களை விட, ‘மிகை’ என்றதும் கூடுதலையும் பெருக்கற்பலனையும் மனப்பாடமாக எழுதிவிடுபவர்கள் அதிகம். கேள்வி ‘இரண்டு வெவ்வேறு தீர்வுகள்’ என்று கேட்டிருந்தால் உங்கள் வழி சரி. அப்போதும் சமக்குறியை எடுத்துவிட்டு a > 6 என்று முடிக்கணும்.

அதே மாணவி: a = −4 போட்டுப் பார்த்தேன் சார். t = −2 + √5 வந்தது. அது 0.236. அப்புறம் x = −2.08 என்று வருகிறது. x குறை எண்ணாக வருவதால் இதையும் தள்ளிவிடணுமா?

வேண்டாம், வேண்டாம். x எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம். கட்டுப்பாடு t-க்கு மட்டும்தான். 2-இன் அடுக்கு −2 என்றால் கால், அது 0.25. உன் 0.236 அதற்குக் கொஞ்சம் கீழே. அதனால் x −2-க்குச் சற்றுக் கீழே வருவது பொருத்தம்தான். நீயே தேடிச் சரிபார்த்திருக்கிறாய், நல்ல பழக்கம்.

ஓய்வுபெற்ற பொறியாளர்: நிபந்தனைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பது எனக்குக் குழப்புகிறது. வரைபடம் போட்டால் ஒரே பார்வையில் தெரியாதா?

தெரியும் ஐயா, எனக்கும் அந்த வழிதான் பிடிக்கும். a இருக்கிற உறுப்புகளை ஒரு பக்கம் தள்ளுங்கள். t² + 3 = a(t − 1). t = 1 என்றால் இடப்பக்கம் 4, வலப்பக்கம் 0. ஆகவே t = 1 எந்த a-க்கும் மூலமாகாது. மற்ற இடங்களில் தைரியமாக வகுக்கலாம்:

a = (t² + 3)/(t − 1) = t + 1 + 4/(t − 1)

இப்போது கேள்வி மாறிவிட்டது. t > 0 என்ற பகுதியில் இந்தச் சார்பு எந்தெந்த மதிப்புகளைத் தொடுகிறது என்பதுதான் கேள்வி. 0-வை ஒட்டி அதன் மதிப்பு −3-ஐ நெருங்குகிறது, ஆனால் தொடுவதில்லை. அங்கிருந்து 1-ஐ நோக்கிப் போகப் போக அடியில்லாமல் இறங்குகிறது. 1-ஐத் தாண்டியதும் மேலே எங்கோ உயரத்திலிருந்து இறங்கி வந்து, t = 3-இல் 6 என்ற அடியைத் தொட்டு, மறுபடி ஏறுகிறது. வகையிட்டால் 1 − 4/(t − 1)², அது பூச்சியமாவது t = 3-இல்.

படத்தில் a உயரத்தில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். எத்தனை இடத்தில் வெட்டுகிறதோ அத்தனை தீர்வு. −3-க்குக் கீழே ஒன்று, −3-இலிருந்து 6-க்கு முன்பு வரை ஒன்றுமில்லை, 6-இல் ஒன்று, அதற்கு மேல் இரண்டு. ஒரு எச்சரிக்கை மட்டும்: வகுப்பதற்கு முன் t = 1-ஐத் தனியாகப் பார்க்காமல் விடக்கூடாது. இங்கே அது மூலமாகவில்லை, வேறு கணக்கில் ஆகலாம்.

கணித ஆசிரியை: வகுப்பில் இதையே 2^|x| என்று மாற்றிக் கொடுத்தேன். பாதிப் பிள்ளைகள் பழைய விடையையே எழுதிவிட்டார்கள். எப்படிப் புரியவைப்பது?

மேலே இருக்கிற படத்தையே மறுபடி காட்டுங்கள் டீச்சர், t நடமாடும் இடத்தை மட்டும் மாற்றி. |x| குறையாது, அதனால் 2^|x| எப்போதும் 1 அல்லது அதற்கு மேல். படத்தில் 1-க்கு இடது பக்கம் முழுவதையும் கையால் மறைத்துவிடுங்கள். மிஞ்சுவது வலதுபக்க வளைவு மட்டும்: a ≥ 6. அடுத்து 2^(−|x|) கொடுங்கள். இப்போது t 0-க்கு மேல், 1 வரை. வலப்பக்கம் மறைந்துவிடும், விடை a < −3. ஒரே சமன்பாட்டின் விடை இரண்டாகப் பிரிந்து நிற்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு 2^(sin x) கொடுத்துப் பாருங்கள். t அரையிலிருந்து 2 வரைதான் நடமாடும். t = 1/2-இல் சார்பின் மதிப்பு −6.5, t = 2-இல் 7. ஆகவே a ≤ −6.5 அல்லது a ≥ 7. சிறும மதிப்பு 6 என்று எழுதுகிறவர்கள் இருப்பார்கள். அந்த 6 கிடைக்கும் t = 3 இப்போது எல்லைக்கு வெளியே இருக்கிறது.

மருந்தாளுநர்: நான் கணக்கை விட்டு வருஷமாகிறது. ஒரு மருந்தின் இரத்த அளவு 20(e^(−t) − e^(−2t)) என்று ஒரு பயிற்சியில் பார்த்தேன், t மணியில். அது k என்ற அளவை எட்டுமா என்பதும் இதே மாதிரிக் கேள்விதானே?

அதே கேள்விதான். உங்கள் t நேரம் என்பதால், இங்கே u = e^(−t) என்று வைத்துக்கொள்வோம். நேரம் 0-இல் தொடங்குவதால் u 1-இலிருந்து 0-வை நோக்கி இறங்குகிறது. சமன்பாடு 20(u − u²) = k. u − u² மிக அதிகமாவது u = 1/2-இல், அங்கே கால். ஆகவே 5-க்கு மேல் எந்த k-வையும் அந்த அளவு எட்டாது. 0-க்கும் 5-க்கும் இடையில் என்றால் இரண்டு முறை எட்டும், ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை.

k = 3.2 என்று எடுத்தால் u = 0.8, u = 0.2. நேரமாக மாற்றினால் ஏறக்குறைய 13 நிமிடம், 97 நிமிடம். இடைப்பட்ட நேரம் முழுக்க அளவு 3.2-க்கு மேல் நிற்கும். இது இந்தப் பயிற்சியில் கொடுத்த எண்களுக்கு மட்டும். உண்மையான மருந்தில் உறிஞ்சும் வேகமும் வெளியேறும் வேகமும் வேறாக இருக்கும். ஒன்று மற்றதன் சரியான இரு மடங்காக இல்லாவிட்டால் இருபடிச் சமன்பாடாகவும் மாறாது.

பெயர் சொல்லாத வாசகர்: எதற்கு இவ்வளவு? a = 7 என்றால் x என்ன, அதை மட்டும் சொல்லுங்கள்.

t² − 7t + 10 = 0, t = 2 அல்லது 5. x = 1, அல்லது 2-ஐ அடிமானமாகக் கொண்ட 5-இன் மடக்கை, ஏறக்குறைய 2.32. ஆனால் மேலே கேட்டவர்கள் தேடுவது x-ஐ அல்ல, எந்த a-வுக்கு x இருக்கிறது என்பதை.

கல்லூரி மாணவர்: 2^x + 3^x = ax. இதில் t போட வழியில்லை. x = 1, a = 5 பொருந்துகிறது. a ≥ 5 என்பதுதான் விடை என்று நண்பன் சொல்கிறான், a < 0-வும் உண்டு என்று நான் சொல்கிறேன்.

a < 0 விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. x குறையாக இருக்கும்போது (2^x + 3^x)/x எல்லாக் குறை எண்களையும் தொட்டுவிடும். a = 0 என்றால் தீர்வில்லை, இடப்பக்கம் எப்போதும் மிகை.

மிகைப் பக்கத்தில் நண்பர் மயிரிழையில் தவறுகிறார். (2^x + 3^x)/x அடியைத் தொடுவது x = 1-இல் அல்ல. வகையிட்டுப் பூச்சியமாக்கினால் வருவது

2^x(1 − x ln 2) + 3^x(1 − x ln 3) = 0

x = 1 போட்டால் இடப்பக்கம் ஏறக்குறைய 0.32, பூச்சியமில்லை. அதாவது அங்கே வளைவு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கணிப்பானில் தட்டித் தட்டிப் பார்த்தால் x ≈ 1.065-இல் நிற்கிறது. அப்போது சார்பின் மதிப்பு ஏறக்குறைய 4.990. ஆகவே விடை a < 0, அல்லது a ஏறக்குறைய 4.990 ஆன அந்த எண்ணோ அதற்கு மேலோ. a = 4.995 என்று எடுத்தாலும் தீர்வு உண்டு, நண்பரின் விடையில் அது விடுபடும்.

அதே மாணவர்: அந்த 4.990-ஐ மடக்கை, e எல்லாம் வைத்துச் சரியாக எழுத முடியாதா? பரீட்சையில் தோராயம் எழுதினால் மதிப்பெண் தருவார்களா?

2^x = ax என்று ஒற்றை அடிமானம் மட்டும் இருந்தால் அழகாக எழுதலாம், எல்லை e·ln 2. இரண்டு அடிமானங்கள் சேர்ந்ததும் எனக்கு அப்படி ஒரு வடிவம் கிடைக்கவில்லை. இங்கே யாராவது கண்டுபிடித்தால் எழுதுங்கள், நான் படிக்கக் காத்திருக்கிறேன். பரீட்சையில் என்றால் அந்த வகையிட்ட சமன்பாட்டை எழுதி, அதன் மூலம் 1.06-க்கும் 1.07-க்கும் நடுவில் என்று குறி மாறுவதைக் காட்டி, பிறகு 4.990 எழுதுங்கள். நான் திருத்தினால் முழு மதிப்பெண் போடுவேன். மற்றவர்கள் எப்படிப் போடுவார்கள் என்பது அவரவர் விடைக்குறிப்பைப் பொறுத்தது.