பணம் எந்த வயசுல தீரும்? நீங்களே போட்டுப் பாக்கற ஷீட்

கேள்வி: எனக்கு 42 வயசுங்க, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். சம்பளம் 60,000, வீட்டுச் செலவு 35,000, பி.எஃப்போட சேத்து மாசம் 15,000 சேமிப்பு, மீதி வீட்டு லோனுக்கு. பி.எஃப்ல 6 லட்சம், மியூச்சுவல் பண்டுல 6 லட்சம் இருக்கு. 60ல ரிட்டயர் ஆகோணும். ஏஜென்ட் ஒரு ஷீட்டக் காட்டி நூறு வயசு வரைக்கும் தாங்கும்ங்கறாரு, எங்க மச்சான் 68லயே தீந்துரும்ங்கறாரு. நானே எக்செல்ல எப்படிப் போட்டுப் பாக்கறதுங்க?

பதில்: தம்பி, ரெண்டு பேரு கணக்கும் தப்பா இருக்காதுங்க, போட்ட ஊகம்தான் வேற வேற. ஏஜென்ட் 12% வருமானம், 5% விலைவாசின்னு போட்டிருப்பாரு, மச்சான் 8% வருமானம், 7% விலைவாசி, சேமிப்பு ஏறவே ஏறாதுன்னு போட்டிருப்பாரு. அதனால ஒத்த விடை வர்ற ஷீட்டு உங்களுக்கு வேண்டாம். ஒரே பார்முலாவ A, B, Cன்னு மேல இருந்து கீழ போற ஏழெட்டு காலத்துல பக்கம் பக்கமா ஓட விட்டு, ஒவ்வொரு காலத்துக்கும் பணம் எந்த வயசுல தீருதுங்கற ஒரு நம்பரை மட்டும் பாருங்க. எத்தனை கோடி சேருதுன்னு பாக்காதீங்க, 18 வருசம் கழிச்சு ஒரு கோடிக்கு என்ன மதிப்புன்னு நமக்கு மனசுல ஏறாது, வயசு உடனே ஏறும்.

A காலத்துல 2ஆவது வரிசைல இருந்து 9 வரைக்கும் பேரு எழுதிக்குங்க. வேலைல இருக்கற வரைக்கும் வருமானம், ரிட்டயர் ஆனதுக்கப்புறம் வருமானம், விலைவாசி, வருச சேமிப்பு, சேமிப்பு வருசா வருசம் ஏர்ற விகிதம், இப்ப கைல இருக்கறது, இப்ப வருசச் செலவு, ரிட்டயர் வயசு, இந்த வரிசைல. B காலத்துல நடுவாந்திரமா 10%, 7%, 6%, 180000, 5%, 1200000, 420000, 60 போடுங்க.

10 ஏன்னு கேப்பீங்க. உங்க பணத்துல பாதி பி.எஃப், அதுக்கு 2024-25க்கு அறிவிச்ச வட்டி 8.25%. மொத்தமா 12% வரோணும்னா மீதிப் பாதி, பண்டுல இருக்கறது, வருசா வருசம் கிட்டத்தட்ட 16% குடுக்கோணும், அதும் 18 வருசத்துக்கு. அப்படி எதிர்பாக்கறது ரொம்ப எச்சுங்க. 10% வர்றதுக்கே பண்டு பன்னெண்டுக்குப் பக்கத்துல குடுத்தாகோணும், அதனால 10கூட கஞ்சத்தனமான நம்பர் இல்ல. விலைவாசிக்கு ரிசர்வ் பேங்க் வெச்சிருக்கற இலக்கு 4%, மேல 6% வரைக்கும் போலாம்னு வரம்பு. ஆனா ஆஸ்பத்திரிச் செலவும் ஸ்கூல் பீஸும் அந்த வரம்பப் பாத்தா ஏறுது, அதனால நான் 6லயே ஆரம்பிப்பேன். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் 7% ஏன்னா, சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம் 8.2% குடுத்தாலும் ஒருத்தருக்கு 30 லட்சம்தான் உச்சவரம்பு, வட்டிக்கு வரியும் உண்டு, மீதிப் பணம் டெபாசிட், பண்டுன்னு பிரிஞ்சு போயிரும்.

இனி A12ல 42ன்னு போட்டு, A13ல =A12+1ன்னு எழுதி A70 வரைக்கும் இழுத்தா 100 வயசு வந்துரும். B12ல =B$7. B13ல இது ஒண்ணுதான்:

```
=IF($A12<B$9,
 B12*(1+B$2)+B$5*(1+B$6)^($A12-$A$12),
 (B12-B$8*(1+B$4)^($A12-$A$12))*(1+B$3))
```

வேலைல இருக்கற வரைக்கும் இருப்பு வளந்து வருசக் கடைசில சேமிப்பு சேரும், ரிட்டயர் ஆனப்புறம் வருச ஆரம்பத்துலயே செலவ எடுத்துட்டு மீதிதான் வளரும். டாலர் குறிய மட்டும் அப்படியே போடோணும்ங்க, பக்கத்துக் காலத்துக்கு இழுக்கும்போது கணக்கு கெடாம இருக்கறது அதனாலதான். பார்முலாக்குள்ள 6%ன்னோ 60ன்னோ நேரா எழுதிராதீங்க, அப்படி ஒண்ணு உள்ள ஒளிஞ்சிருந்தா மேல எதை மாத்துனாலும் அந்தக் காலம் அசையாது, அதை வெச்சே கண்டுபிடிச்சரலாம். B13ஐ B70 வரைக்கும் இழுத்துட்டு B10ல இதைப் போடுங்க:

```
=$A$12+COUNTIF(B$12:B$70,">=0")-1
```

இதுதான் பணம் தீர்ற வயசு. 100ன்னு காட்டுனா தீரலைன்னு அர்த்தம். இருப்பு மைனஸ்ல போனதுக்கப்புறம் கீழ வர்ற நம்பருக்கெல்லாம் ஒரு அர்த்தமும் இல்ல, அதைப் பாக்க வேண்டாம். சரியாப் போட்டிருக்கீங்களான்னு சோதிக்க, B13ல 15,00,000 வரோணும், 60 வயசு வரிசைல சுமார் 1 கோடியே 80 லட்சம் வரோணும். ரெண்டும் வந்தா கணக்கு சுத்தம்.

B10ல வர்றது 76ங்க. ஒரு கோடியே எம்பது லட்சம் இருந்தும் அதுக்குள்ள ஏன் தீருதுன்னு தோணும், ஆனா இன்னிக்கு 35,000ல நடக்கற வீடு 6% விலைவாசில உங்க 60 வயசுல மாசம் ஒரு லட்சம் கேக்கும்.

B காலத்த C, D, E, Fனு காப்பி பண்ணி, ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு நம்பரை மட்டும் மாத்துங்க, இதுதான் முக்கியம். மூணு நாலு நம்பரை ஒண்ணா மாத்துனா விடை நல்லா வந்தாலும் கெட்டு வந்தாலும் எதனால வந்துச்சுன்னு தெரியாது, உங்க ஏஜென்ட்டும் மச்சானும் பண்ணது அதுதான். வேலைல இருக்கறப்ப வருமானத்த 10ல இருந்து 9 ஆக்குனா 76ங்கறது 74 ஆகும். ரிட்டயர் ஆனப்புறம் 7க்குப் பதிலா 6 போட்டா 75. விலைவாசிய 6ல இருந்து 7 ஆக்குனா நேரா 72. ஒரு சதவீதம்தான், ஆனா நாலு வருசம் போயிருது, ஏன்னா வருமானம் உங்க சேமிப்பு மேல மட்டும்தான் வேலை செய்யும், விலைவாசி ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி 18 வருசம், அப்புறம் சாகற வரைக்கும் செலவை ஏத்திக்கிட்டே இருக்கும். எந்தப் பண்டு ஒரு பெர்சன்ட் எச்சாக் குடுக்கும்னு தேடற நேரத்துல பாதிய வீட்டுச் செலவுக் கணக்கை எழுதறதுல போட்டா நல்லதுங்க.

இப்ப நம்ம கைல இருக்கற நம்பருக்கு வருவோம். ரிட்டயர் வயச 62 ஆக்குனா 80 வரைக்கும் தாங்குது, ரெண்டு வருசம் வேலை செஞ்சா நாலு வருசம் கிடைக்குது. சேமிப்ப வருசம் 5%க்குப் பதிலா 10% ஏத்துனா 81. இந்த ரெண்டாவத நம்பறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணோணும், இதுல ஏமாந்து போறவங்க நெறையப் பேரு. வருசம் 1,80,000 பத்து பத்து சதவீதமா ஏறுனா 59 வயசுல வருசம் 9 லட்சத்துச் சொச்சம் சேமிக்கோணும். சம்பளமும் செலவும் ரெண்டுமே 6% ஏறுதுன்னு வெச்சுக்குங்க, அப்ப உங்க வருசச் சம்பளம் 19 லட்சத்துச் சொச்சம், செலவு 11 லட்சத்துச் சொச்சம், மிச்சம் 8 லட்சம்தான். வீட்டு லோனே இல்லாம இருந்தாலும் 9 லட்சத்துக்கு எடமில்ல. எக்செல் இதையெல்லாம் கேக்காது, அது பாட்டுக்கு 81ன்னு காட்டிரும். அதனால 8% போடுங்க, அது 78 காட்டும், கடைசி வருசம் ஆறரை லட்சத்துச் சொச்சம்தான் வரும், செய்ய முடியற நம்பரு.

அடுத்தது, மாசச் செலவுல 5,000 கொறச்சு அதை அப்படியே சேமிப்புல போடற காலம். B$8 360000, B$5 240000, வேற எதையும் தொட வேண்டாம். இது 83க்குப் போகுது! ரெண்டு பக்கமும் வேலை செய்யுதுங்க, சேர்றதும் கூடுது, பின்னாடி தேவைப்படறதும் கொறையுது. இதோட 8% ஏத்தத்தையும் சேத்தா 88. பண்டு வருமானத்தை ஒரு பொட்டுகூட ஏத்தாம 76ல இருந்து 88. ஆனா செலவ நெசமாவே ரிட்டயர் ஆனப்புறமும் அதே அளவுல வெக்க முடியுமான்னு வீட்ல உக்காந்து பேசித்தான் போடோணும், நீங்களா ஷீட்டுல கொறச்சுட்டா அது வீட்டுச் செலவு இல்ல.

இந்த ஷீட்டுக்கு ஒரு பெரிய கொறை உண்டு. வருசா வருசம் ஒரே சீரா 10ம் 7ம் வரும்னு போட்டிருக்கோம், மார்க்கெட் அப்படி நடக்காது. 2008ல சென்செக்ஸ் ஒரே வருசத்துல பாதிக்கு மேல விழுந்துச்சு. வேலைல இருக்கும்போது விழுந்தா சேமிப்பு தொடர்ந்து போறதால தாங்கிக்கலாம், ரிட்டயர் ஆன முதல் வருசம் விழுந்தா கொறஞ்ச பணத்துல இருந்தே செலவுக்கு எடுக்கோணும். அதைச் சோதிக்க B காலத்த இன்னொரு தடவை காப்பி பண்ணி, 61 வயசு வரிசைல, அதாவது 31ஆவது வரிசைல மட்டும், பார்முலாக் கடைசில இருக்கற (1+B$3)க்குப் பதிலா 0.9ன்னு போடுங்க (காப்பி பண்ண காலத்துல எழுத்து வேறயா இருக்கும், பாத்துக்குங்க). அந்தக் கட்டத்துக்கு மஞ்சக் கலரு அடிச்சு வெச்சுக்குங்க, இல்லீன்னா பின்னாடி மறந்துரும். ஒரே ஒரு வருசம் 10% நட்டம், 76ங்கறது 73 ஆயிருது. ரிட்டயர் ஆகறதுக்கு மூணு நாலு வருசம் முன்னாடியே ரெண்டு வருசச் செலவுக்கான பணத்தப் பண்டுல இருந்து எடுத்து டெபாசிட்ல போடுங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

பொண்ணு கல்யாணம், சீரு, வீடு மராமத்துன்னு மொத்தமாப் போற பணம் இதுல வரல. அது எந்த வயசுலன்னு தெரிஞ்சா அடுத்த வரிசைக் கட்டத்துல பார்முலாக் கடைசில கழிச்சுருங்க, ஆனா அன்னிக்கு விலைல கழிக்கோணும், இன்னிக்கு 10 லட்சம் ஆகறது பத்து வருசம் கழிச்சு 6%ல கிட்டத்தட்ட 18 லட்சம். பி.எஃப்ல வர்ற பென்சன் விலைவாசியோட ஏறாது, அதை முதல்லயே செலவுல கழிச்சு வெக்காதீங்க, கழிச்சா அதும் 6% ஏர்ற மாதிரி ஷீட்டு நினைச்சுக்கும்.

வருசா வருசம் ஏப்ரல்ல A12ல அன்னிக்கு வயசு, 5, 7, 8ஆவது வரிசைல அன்னிக்கு நெலவரம் போட்டு மாத்துங்க. பழைய ஷீட்ட அழிக்காம வேற பேருல வெச்சுக்குங்க, நடுவாந்திரக் காலத்துல போன வருசம் என்ன வயசு காட்டுச்சு, இந்த வருசம் என்ன காட்டுதுன்னு பாத்தா எந்த ஊகம் பொய்யாச்சுன்னு தெரியும். முதல் வருசம் செலவு வரிசையத்தான் பாருங்க, பெரும்பாலும் 35,000ங்கறது அங்கதான் மாறியிருக்கும்.